பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன தம்பிக்கு கால் எலும்பு முறிவு: ஓட்டினவரோட இன்சூரன்ஸில் கேட்கலாமா?

முதுநகர்_செல்வி:
வணக்கம். ஜூன் 28 ராத்திரி என் தம்பி நண்பனோட பைக்கில் புதுச்சேரியிலிருந்து கடலூர் வந்துட்டிருந்தான். கன்னியக்கோவில் கிட்ட நாய் குறுக்கே வர, வண்டி சறுக்கிடுச்சு. வேற வண்டி எதுவும் மோதலை. ஓட்டின பையனுக்கு சிராய்ப்புதான், தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிஞ்சு பிளேட் வெச்சிருக்காங்க. வண்டி அந்தப் பையன் பேர்லதான், லைசென்ஸும் இருக்கு. ஏஜென்ட்டைக் கேட்டா, "பில்லியனுக்கு எல்லாம் வராதும்மா"ன்னு போனை வெச்சுட்டார். நிஜமா வராதா?

சில்வர்பீச்:
ஏன் வராது? 15 லட்சம் தனிநபர் விபத்து கவர், அதான் பி.ஏ., கட்டாயம்னு பிடிச்சுக்கிறாங்களே. தம்பி மூன்றாம் நபர்தானே, தாராளமா வரும்.

வில்லியனூர்க்காரன்:
எனக்கு மடுகரை ரோட்டில் லாரி இடிச்சப்போ, லாரி இன்சூரன்ஸ் கம்பெனி மேல கேஸ் போட்டு வாங்கினேன் அக்கா. நீங்களும் அப்படியே போடுங்க.

கோர்ட்டு_குமாஸ்தா:
வில்லியனூர் தம்பி, அவங்க கேஸில் லாரியே கிடையாது. எதிர் வண்டி மேல தப்புன்னா பின்னால் உட்கார்ந்தவர் அந்த வண்டிக்கு மூன்றாம் நபர், சிக்கலே இல்லை. இங்கே கேள்வி, தம்பி ஏறிப்போன வண்டியோட பாலிசி பற்றி.

அந்த 15 லட்சம், வண்டி உரிமையாளர் தானே ஓட்டிப் போய் அடிபட்டால் அவருக்கு. பில்லியனுக்குத் தனியா பிரீமியம் கட்டி ஒரு லட்சம் வரை பி.ஏ. எடுக்கலாம், பெரும்பாலும் யாரும் எடுக்கறதில்லை.

ஏஜென்ட் சொன்னது பாதி. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா, ஆக்ட் பாலிசின்னு சொல்வோம், கம்பெனி பொறுப்பில்லைன்னு 2006ல திலக் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா பேக்கேஜ் பாலிசி, அதாவது சொந்த வண்டி சேதமும் சேர்ந்ததுன்னா, பில்லியனும் அதில் அடக்கம். 2009ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.வோட சுற்றறிக்கை வந்துச்சு, பாலகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏத்துக்கிட்டது.

பாலிசி முதல் பக்கத்தில் சொந்த வண்டி சேதத்துக்கு ஓ.டி.ன்னு ஒரு கட்டம், தேர்ட் பார்ட்டிக்கு டி.பி.ன்னு ஒரு கட்டம் இருக்கும். இரண்டிலும் தேதியைப் பார்த்துச் சொல்லுங்க. 2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்கின புது வண்டிக்கு டி.பி. ஐந்து வருஷம், ஓ.டி. பெரும்பாலும் ஒரே வருஷம். ஜனங்க "இன்சூரன்ஸ் 5 வருஷம் இருக்கு"ன்னு நம்பிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

முதுநகர்_செல்வி:
பாலிசி காப்பி வாங்கிட்டேன். ஓ.டி. 12-08-2024 முதல் 11-08-2025 வரை. டி.பி. 2029 வரை.

கோர்ட்டு_குமாஸ்தா:
விபத்து ஜூன் 28. அன்னைக்கு ஓ.டி. உயிரோடு இருந்திருக்கு, அதுதான் கணக்கு. இப்போ முடிஞ்சிருந்தாலும் கவலை இல்லை. பையனை முதல் எதிர்மனுதாரரா, கம்பெனியை இரண்டாவதா காட்டி எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து இழப்பீட்டு மனு, போடலாம். விபத்து புதுவை எல்லையில் நடந்தாலும் நீங்க குடியிருக்கிற கடலூரிலேயே போடலாம். ஆறு மாசத்துக்குள்ள போட்டுடுங்க, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166(3) அப்படித்தான் சொல்லுது.

எஃப்.ஐ.ஆர். ஆயிடுச்சா?

முதுநகர்_செல்வி:
இல்லைங்க. நண்பன் மேல கேஸ் போட தம்பிக்கு மனசு வரலை. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு, அந்த ஏ.ஆர். காப்பியில் "வண்டியிலிருந்து தானாக விழுந்தார்"னு மட்டும் இருக்கு, ஓட்டினவர் பேரே இல்லை.

கோர்ட்டு_குமாஸ்தா:
இங்கதான் முடிச்சு. 166ல ஓட்டினவர் கவனக்குறைவுன்னு காட்டணும். பாலிசி சரியா இருந்தா இழப்பீட்டைக் கட்டப்போறது கம்பெனி, பையன் இல்லைன்னு தம்பிக்குப் புரிய வைங்க. ஆனா போலீஸ் வழக்கு பையன் மேலதான் வரும், அதை மறைச்சுச் சொல்ல மாட்டேன். தாமதமான எஃப்.ஐ.ஆர்.ன்னு கம்பெனி வக்கீல் கட்டாயம் கிளப்புவார். ஏன் தாமதம்னு புகாரிலேயே எழுதுங்க, ஆபரேஷன் தேதியோட. நடந்ததை நடந்தபடி எழுதுங்க. மோதாத காரை மோதினதா எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வாங்க, கேட்காதீங்க. வண்டி ஆய்வு அறிக்கையிலேயே குட்டு வெளிப்பட்டுடும்.

நாய் வந்ததுதான் காரணம், பையன் மேல தப்பில்லைன்னு கோர்ட் நினைச்சா 166 நிக்காது. அப்போ 164 இருக்கு: தப்பு யார்னு நிரூபிக்க வேண்டாம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், எலும்பு முறிவு அதில் வரும். ஆனா தொகை அதோட சரி. எதில் போகலாம்னு வக்கீல் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சில்வர்பீச்:
என் வண்டிக்கு ஓ.டி. முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, டி.பி. மட்டும்தான் ஓடுது. வீட்டுக்காரம்மா தினமும் பின்னாலதான் வராங்க. அப்போ அவங்களுக்கு?

கோர்ட்டு_குமாஸ்தா:
கம்பெனி திலக் சிங் தீர்ப்பைத் தூக்கிட்டு வரும். முதலில் எடுத்தது பேக்கேஜ்தானேன்னு வக்கீல் வாதாடிப் பார்க்கலாம், நிக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். புதுப்பிச்சுடுங்க அண்ணே.

முதுநகர்_செல்வி:
ஹெல்மெட் தம்பி போடலை. அதனால் தள்ளுபடி பண்ணிடுவாங்களா?

கோர்ட்டு_குமாஸ்தா:
அடி காலில். ஹெல்மெட் போட்டிருந்தா கால் முறியாமல் இருந்திருக்குமான்னுதான் கேட்கணும். கம்பெனி அதையும் எழுதும், எழுதட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் ஒண்ணையும் தொலைக்காதீங்க. முதலில் ஸ்டேஷனுக்குப் போங்க.

முதுநகர்_செல்வி:
அந்தப் பையனோட அப்பாகிட்ட இன்னைக்கு சாயந்தரம் பேசறோம். அவர் என்ன சொல்றார்னு வந்து எழுதறேன்.