‘11 வரை லீவு’ எண்டா 11ஆம் திகதி வேலைக்கு வரவேணுமா?

வெள்ளவத்தை வாசி: லீவு அனுமதிக் கடிதத்தில திரும்புற நாளைத் தனியா எழுதிறது வீண் வேலை. ‘ஓகஸ்ட் 4 முதல் 11 வரை’ எண்டு போட்டா சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

பழைய எச்ஆர்: சின்னப் பிள்ளைக்கு விளங்கும், மனேஜருக்கு விளங்காது. 2025 கலண்டரை எடுத்துப் பாருங்கோ. ஓகஸ்ட் 4 திங்கள், 8 வெள்ளி போயா, 9, 10 சனி ஞாயிறு, 11 திங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்யிற ஒஃபிஸ். ‘வரை’யில 11 சேர்ந்தா லீவு 5 நாள், சேராட்டி 4 நாள். மனேஜர் 11 காலமை கதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆள் 12 காலமை யாழ்ப்பாண பஸ்சால இறங்கி வரும். பிறகு அந்த ஒரு நாள் சம்பளமில்லாத நாளாகும். கடிதத்தில நாள் எண்ணிக்கை இருந்தா இந்தச் சண்டையே வராது.

வெள்ளவத்தை வாசி: ‘வரை’ எண்டா அந்த நாளும் சேரும். தமிழ் தெரிஞ்சவனைக் கேளும். அதோட போயாவையும் சேர்த்தா 6 நாள், உமக்கு எண்ணவும் தெரியேல்ல.

பழைய எச்ஆர்: போயா வருடாந்த லீவில கழியாது ஐயா. 6 எண்டு எழுதினா அந்தப் பிள்ளையின்ட 14 நாளில ஒண்டைச் சும்மா விழுங்கினதாகும். போன மாசம் போனஸ் கதையிலயும் இப்பிடித்தான் எண்ணினீர்.

கொட்டாஞ்சேனை மதி: எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. நான் சேர்ந்து நாலு மாசம், கெசுவல் லீவு கேட்டா ரெண்டு நாள்தான் எண்டுகினம். 7 நாள் இல்லையா?

பழைய எச்ஆர்: முதல் வருசம் ரெண்டு மாசத்துக்கு ஒரு நாள். அவை சொன்னது சரி. இது வேற கதை, தங்கச்சி.

கணக்கு மேசை: எல்லாரும் ‘வரை’யில தொங்கிக்கொண்டிருக்கிறியள். பெரிய பிழை இப்பிடியான கடிதத்தில வழக்கமா வாற அடுத்த வரியில கிடக்கு: ‘ஒப்படைப்பு திருப்தியாக முடிந்தால் லீவு செல்லுபடியாகும்’. ஆருக்குத் திருப்தி? எப்ப முடியவேணும்? லீவுக்கு முந்தின வெள்ளி பின்னேரம் அஞ்சு மணிக்கு மனேஜர் ‘எனக்குத் திருப்தியில்ல’ எண்டா பஸ் டிக்கெட்டுக் காசை ஆர் தாறது?

வெள்ளவத்தை வாசி: சட்டப்படி வாற லீவுக்கு நிபந்தனை போடவே ஏலாது. உரிமை உரிமைதான்.

பழைய எச்ஆர்: பாதி சரி. 14 நாள் உரிமை, ஆனா எந்த நாள் எண்டது ரெண்டு பேரும் இணங்கிறது. நிபந்தனை அந்த இணக்கத்துக்குத்தான். ‘திருப்தி’ எண்டு எழுதாம, செய்யவேண்டிய வேலையை எழுதவேணும். சம்பளம் பார்க்கிற ஆள் எண்டு வைப்பம். யூலை மாசச் சம்பள வரி ஓகஸ்ட் 15 முடியிறதுக்குள்ள கட்டுப்படவேணும். ஆள் 12 வந்தா 15ஐயும் சேர்த்து நாலு நாள்தான் இருக்கு, காய்ச்சலெண்டு ரெண்டு நாள் பிந்தினா கழுத்தில கத்தி. அதால கடிதம் இப்பிடி இருக்கவேணும்:

‘ஓகஸ்ட் 4 திங்கள் முதல் 11 திங்கள் வரை, 11 உட்பட, வருடாந்த லீவு 5 நாள். போயாவும் வார இறுதியும் கணக்கில் இல்லை. 12 செவ்வாய் காலை 8.30க்குக் கடமைக்குத் திரும்பவேண்டும். ஓகஸ்ட் 1 பி.ப. 3 மணிக்கு முன் யூலை வரிப் பட்டியலைப் பதில் கடமை பார்ப்பவரிடம் கொடுத்து, இருவரும் கையொப்பமிட்ட பிரதியை எனக்கு அனுப்பவும். பிரதி கிடைத்ததும் நான் பதில் அனுப்புவேன். குறை இருந்தால் அன்றே பி.ப. 4 மணிக்குள் எழுதி அறிவிப்பேன்.’

கணக்கு மேசை: பட்டியலைக் குடுத்தாச்சு, காசு எப்பிடிப் போகும்? பேங்க் ஒன்லைனில அனுமதி குடுக்கிற ஓரீபி லீவில போன ஆளின்ட போனுக்குத்தான் வரும். கலியாணப் பந்தலில நிண்டு ஓரீபி சொல்லச் சொல்லிறதோ? பாஸ்வேர்டைத் தாளில எழுதிக் குடுக்கிறது அதைவிட மோசம். பதிலாளின்ட பேரைப் பேங்கில முதலே போடவேணும், அதுக்குப் பணிப்பாளர்மார் ஒப்பம் வைச்ச கடிதம் தேவை. ஓகஸ்ட் 1 மத்தியானம் ஓடித் திரிஞ்சு சரிவராது. லீவு கேட்ட கிழமையே தொடங்கவேணும்.

பழைய எச்ஆர்: அது சரி. என்ர வரைவில அந்த பேங்க் விசயம் விடுபட்டுட்டுது.

வெள்ளவத்தை வாசி: பாத்தீங்களோ, பெரியவரே பிழை விட்டிட்டார். இவ்வளவு எழுதியும் ‘11 உட்பட’ எண்டு போட்டிருக்கிறார். நான் முதலே சொன்னது தானே, ‘வரை’ எண்டா 11 சேரும் எண்டு.

பழைய எச்ஆர்: சேரும் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சா ‘உட்பட’ எதுக்கு ஐயா எழுதிறது?

வெள்ளவத்தை வாசி: உம்மைப் போல ஆக்களுக்காகத்தான்.

கொட்டாஞ்சேனை மதி: அப்ப என்ர கெசுவல் லீவு ரெண்டும் ஒண்டா எடுக்கலாமோ?