உறைந்த மீன் துண்டு: பனியோடு ஏர் ஃப்ரையரில் வைக்கலாமா?

கயல்: முள் நீக்கிய பாசா மீன் துண்டுகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே 200 டிகிரியில் 12 நிமிடம் வைத்தேன். ஓரமெல்லாம் செருப்புத் தோல், நடுவில் பனி நொறுங்குகிறது. சூட்டைக் கூட்டுவதா, நேரத்தைக் கூட்டுவதா?

அடுப்படியான்: பனியோடு வைத்ததுதான் தவறு. முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு வேறு வழியே கிடையாது.

முத்துநகர்: வழி இருக்கிறது. பனி உருகி முடியும்வரை நடுப்பகுதி பூஜ்ஜியத்தை விட்டு நகராது. உள்ளே போகும் சூட்டையெல்லாம் அந்தப் பனியே விழுங்கிவிடும். அதற்குள் 200 டிகிரிக் காற்று ஓரத்தை உலர்த்திவிடுகிறது. முதலில் சூட்டைக் குறையுங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தனவா?

கயல்: ஆமாம், இரண்டு ஒட்டியிருந்தன. பிரிக்க வரவில்லை.

சமையல்பித்தன்: எங்கள் வீட்டில் மீன் விரல்களை 200 டிகிரியில் 10 நிமிடம் வைக்கிறோம். பனி நின்றதே இல்லையே!

முத்துநகர்: அவை விரல் கனம்தான், ரொட்டித்தூள் போர்வையும் உண்டு. இது வேறு கதை. கயல், 160 டிகிரியில் 6 நிமிடம் வையுங்கள். மேற்பூச்சுப் பனி உருகியதும் துண்டுகள் கத்திமுனைக்கே பிரிந்துவிடும். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டி, மீனைத் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெயும் மசாலாவும் அப்போதுதான். முன்பே தடவினால் உருகும் நீரோடு வழிந்துவிடும். மெல்லிய வால்முனையை அடியில் மடித்து, 190 டிகிரியில் 6 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். நடுவில் 63 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையென்றால் முள்கரண்டியால் திருகுங்கள். கண்ணாடி போலத் தெரிந்தால் வேகவில்லை, இதழ் இதழாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம்.

அடுப்படியான்: இரண்டு முறை வேகவைப்பதைவிட இரவே எடுத்து வைப்பது எளிதில்லையா? மசாலாவும் ஊறும்.

முத்துநகர்: மசாலா விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் காற்று நீக்கி அடைத்த பொட்டலமாக இருந்தால் வாயைக் கிழித்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக்கிருமி ஒன்று அந்தக் குளிரிலும் பெருகும்.

அடுப்படியான்: இத்தனை ஆண்டுகள் மூடியேதான் வைத்தேன். இனிக் கிழிக்கிறேன்.

கயல்: இன்று செய்தேன். 6 நிமிடத்தில் மெல்லிய துண்டு தயார். கனமானது 51 டிகிரிதான் காட்டியது, அதை மட்டும் இன்னும் 3 நிமிடம் விட்டேன். ஓரம் காயவில்லை, பனியும் இல்லை. ஆனால் காரம் மேலோடு நின்றுவிட்டது.

அடுப்படியான்: அதைத்தானே சொன்னேன்!

முத்துநகர்: மசாலாவில் எலுமிச்சைச் சாறு சேர்த்தீர்களா? அது மேற்பரப்பை ஈரமாக்கும். அடுத்த முறை இறக்கியபின் பிழிந்து பாருங்கள்.