ரைஸ் மதிப்பெண் போட்டால் டார்க் மோட் முதலிடம்! எங்கே தப்பு செய்கிறேன்?

பிறைக்காரன்:
வணக்கம். நானும் ஒரு நண்பரும் சேர்ந்து பள்ளி வேனுக்கு ஒரு சின்ன செயலி நடத்துகிறோம். பட்டர்வொர்த், பிறை பக்கம் 41 ஓட்டுநர்கள், 690 பெற்றோர்கள். ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள், எதை முதலில் செய்வது என்று தினமும் சண்டை. அதனால் ரைஸ் முறையில் மதிப்பெண் போடலாம் என்று உட்கார்ந்தோம். எத்தனை பேரைத் தொடும் என்ற ரீச், ஒருவருக்கு எவ்வளவு பயன் என்ற இம்பாக்ட், நம் கணிப்பில் எவ்வளவு உறுதி என்ற கான்ஃபிடன்ஸ் மூன்றையும் பெருக்கி, எவ்வளவு வேலை என்ற எஃபர்ட்டால் வகுத்தோம். இம்பாக்ட் 1 முதல் 5 வரை, எஃபர்ட் நாள் கணக்கில்.

டார்க் மோட்: 731 × 1 × 1.0 ÷ 1 = 731
"இன்று பிள்ளை வரவில்லை" பொத்தான்: 690 × 3 × 0.8 ÷ 8 = 207
வேன் எங்கே இருக்கிறது என்று காட்டும் நேரடி வரைபடம்: 690 × 5 × 0.8 ÷ 25 = 110
ஓட்டுநருக்கு மாதக் கட்டணக் கணக்கு: 41 × 5 × 0.8 ÷ 10 = 16

ஓட்டுநர்கள் அதிகம் புலம்புவது அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று இன்னும் 555 புத்தகத்தில்தான் எழுதுகிறார்கள். போன மாதம் மூன்று பேர் "இது இல்லாவிட்டால் செயலி எதுக்கு" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கணக்கு அதைக் கடைசியில் தள்ளுகிறது. கணக்கு தப்பா, என் ஆசை தப்பா?

செந்தூல் கடைக்காரர்:
தம்பி, எங்கள் கடைச் செயலியில் இதே தலைவலி இருந்தது. புலனத்தில் ஒரு கருத்துக்கணிப்பு போட்டேன், அரை மணி நேரத்தில் முடிந்தது. சேலைக்கு வீடியோ வேண்டும் என்று 60 பேர் ஓட்டுப் போட்டார்கள், செய்தோம். இந்தப் பெருக்கல் வகுத்தல் எல்லாம் எதுக்கு?

பிறைக்காரன்:
அண்ணே, ஓட்டு எண்ணுவது வேறு, நான் கேட்பது வேறு. டார்க் மோட் கேட்டு ஆறு செய்தி வந்தது. திறந்து பார்த்தால் நாலு செய்தி ஒரே அப்பாவிடமிருந்து.

பங்சார் அக்கா:
கணக்கில் தப்பில்லை தம்பி, உள்ளே போட்ட எண்களில்தான். பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். சின்ன குழுக்கள் எல்லாரும் முதல் முறை இதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

முதலில் ரீச். டார்க் மோடுக்கு 731 என்று போட்டது உங்கள் மொத்தப் பயனர் எண்ணிக்கை. ரீச் என்பது குறிப்பிட்ட காலத்தில், உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு காலாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த விஷயத்தை உண்மையிலேயே தொடப்போகும் ஆட்கள். போனில் டார்க் அமைப்பு போட்டிருப்பவர்கள் எத்தனை பேர்? அது தெரியாமல் 731 என்று எழுதக்கூடாது.

அடுத்து எஃபர்ட். "ஒரு நாள்" என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஃப்ளட்டரில் எழுதினீர்கள் என்றால் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
grep -rnE "Colors\.(white|black)" lib | wc -l
```

வெள்ளை, கறுப்பு நிறத்தை நேரடியாக எழுதிவைத்த வரிகளை இது எண்ணும், டார்க் மோடுக்கு அவற்றையெல்லாம் பார்த்து மாற்றவேண்டும். என்ன எண் வருகிறது என்று சொல்லுங்கள்.

இம்பாக்ட் அளவும் மாற்றுங்கள். இந்த முறையைக் கொண்டுவந்த இன்டர்காம் என்ற மென்பொருள் நிறுவனத்துக்காரர்கள் 3, 2, 1, 0.5, 0.25 என்று ஐந்து படி வைத்தார்கள். நீங்கள் 1 முதல் 5 வரை போட்டால் அற்ப விஷயம்கூட குறைந்தது 1 வாங்கிவிடும். அவர்கள் அளவில் அது 0.25. டார்க் மோடை மேலே தூக்கியதில் அதற்கும் பங்கு உண்டு.

தீவுக்காரர்:
ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். ஓட்டுநர் ஒருத்தர் போனால் அவரோடு 17 பெற்றோர் போவார்கள். 690ஐ 41ஆல் வகுத்துப் பாருங்கள். அதனால் கட்டணக் கணக்குக்கு ரீச் 41 இல்லை, 690. இம்பாக்ட் 5. அவ்வளவுதான், முதலிடம்.

பங்சார் அக்கா:
பாதி சரி. பெற்றோரையும் எண்ணவேண்டும் என்பது சரி, ஏனென்றால் கட்டினார் என்று ஓட்டுநர் குறித்தால் அது பெற்றோருக்கும் தெரியும். ஆனால் "ஓட்டுநர் போனால் எல்லாம் போச்சு" என்பதை இம்பாக்ட்டில் ஏற்கனவே மேல்படியில் வைத்துவிட்டு, அதே காரணத்துக்காக ரீச்சையும் 17 மடங்காக்கினால் ஒரே பயத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள்.

நான் செய்வது இது. ஓட்டுநரையும் பெற்றோரையும் தனித்தனியே பெருக்கி, பிறகு கூட்டுவேன். ஓட்டுநருக்கு இம்பாக்ட் 3, பெற்றோருக்கு ரசீது வந்தால் 0.5. எல்லா அம்சத்துக்கும் இதே மாதிரி, ஒன்றுக்கு மட்டும் சலுகை கிடையாது.

பிறைக்காரன்:
மூன்று நாள் எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

grep போட்டால் 83. தலை சுற்றியது. டார்க் மோட் ஒரு நாள் இல்லை, சோதித்துப் பார்ப்பதோடு சேர்த்து ஒரு வாரம். போனின் அமைப்பையும் நேற்று முன்தினத்திலிருந்து பதிவு செய்கிறேன். இதுவரை திறந்த 402 பேரில் 148 பேர் டார்க். அதாவது 37 சதவீதம், மொத்தத்துக்கு 270 பேர். (காலையில் ஆறு மணிக்கு இருட்டில் பார்க்கிறார்கள், கண் கூசுகிறது என்கிறார் அந்த நாலு செய்தி அப்பா. பினாங்கில் ஏழு மணி தாண்டித்தானே வெளிச்சம். அவர் சொல்வதும் நியாயம்தான்.)

12 ஓட்டுநர்களுக்குப் போன் போட்டேன். கட்டணக் கணக்கு வந்தால் 9 பேர் பயன்படுத்துவார்கள். 41க்கு கணக்குப் பார்த்தால் 30 பேர். வரைபடத்துக்கு 4 பேர்தான் ஒப்புக்கொண்டார்கள், அதை 15 பேர் என்று வைத்தேன். மற்றவர்கள் "நான் எங்கே டீ குடிக்கிறேன் என்று பார்ப்பார்களா" என்கிறார்கள்.

"இன்று வரவில்லை" பொத்தானுக்கு, மூன்று ஓட்டுநர்களின் புலனக் குழுவை அவர்கள் அனுமதியோடு பார்த்தேன். 52 பெற்றோரில் 39 பேர் போன மூன்று மாதத்தில் ஒரு முறையாவது "இன்னைக்கு வரல" என்று போட்டிருக்கிறார்கள். முக்கால் பங்கு, ஆக சுமார் 520 பேர்.

பங்சார் அக்கா:
இப்போதுதான் இவை எண்கள். எஃபர்ட்டை ஆள்-வாரத்தில் வைத்துக்கொள்கிறேன்.

டார்க் மோட்: 270 × 0.25 × 0.8 ÷ 1 = 54

வரைபடம்: 15 ஓட்டுநர்களின் பெற்றோர் மட்டுமே, 255. இம்பாக்ட் 2, கான்ஃபிடன்ஸ் 50 சதவீதத்துக்கு மேல் கொடுக்கமாட்டேன். எஃபர்ட்டும் 25 நாள் போதாது. செயலி மூடியிருக்கும்போதும் இருப்பிடம் எடுக்க வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் தனி விளக்கம் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும், பேட்டரி சிக்கலும் வரும். 7 வாரம். 255 × 2 × 0.5 ÷ 7 = 36.

வரவில்லை பொத்தான்: பெற்றோருக்கு 0.5தான், ஏனென்றால் இப்போதே புலனத்தில் பத்து நொடியில் சொல்லிவிடுகிறார்கள். லாபம் ஓட்டுநருக்கு. வண்டி ஓட்டிக்கொண்டே குழுவைப் படிக்க வேண்டாம், யாரும் இல்லாத வீட்டு வாசலில் ஹார்ன் அடித்து நிற்க வேண்டாம். அவர்களுக்கு 2. ஆக (520 × 0.5 + 41 × 2) × 0.8 ÷ 2 = 137.

கட்டணக் கணக்கு: (30 × 3 + 510 × 0.5) × 0.8 ÷ 2.5 = 110.

16லிருந்து 110. உங்கள் ஆசை முழுக்கத் தப்பில்லை, ஆனால் இன்னும் இரண்டாம் இடம்தான். 54க்கும் 36க்கும் இடையே வரிசை பார்க்காதீர்கள், ஒரு எண்ணைக் கொஞ்சம் அசைத்தாலே மாறிவிடும்.

தீவுக்காரர்:
ஓட்டுநருக்கு வெறும் 3ஆ? மாசம் ஒரு பிள்ளைக்கு 120 வெள்ளி, 17 பிள்ளை. கணக்குத் தப்பினால் அவர் வயிற்றில் அடிக்கிறது அக்கா. சரி, 3ஏ இருக்கட்டும். கட்டணக் கணக்கைச் சின்னதாக்குங்களேன். ரசீது வேண்டாம், ஞாபகமூட்டல் வேண்டாம். பிள்ளை பேர், மாதம், ஒரு டிக். 555 புத்தகத்தில் இருப்பது அதுதானே?

பிறைக்காரன்:
அண்ணே, அது ஒரு வாரத்தில் முடியும்! ரசீது இல்லாததால் பெற்றோருக்கு 0.25 என்று குறைத்தேன். (30 × 3 + 510 × 0.25) × 0.8 ÷ 1 = 174. முதலிடம்!

பங்சார் அக்கா:
கொஞ்சம் பொறுங்கள். பிடித்ததை மட்டும் வெட்டிச் சின்னதாக்கிவிட்டு, எதிராளியை முழுசாக நிற்க வைத்து ஓடவிட்டால் அது போட்டியே இல்லை. வரவில்லை பொத்தானையும் வெட்டுங்கள். நாளை, அடுத்த வாரம் எல்லாம் வேண்டாம், இன்று மட்டும். எத்தனை நாள்?

பிறைக்காரன்:
அதில் பாதி வேலை, ஓட்டுநர் 5:45க்குக் கிளம்பும் முன் அறிவிப்பு கண்டிப்பாகப் போய்ச் சேர்வதுதான். சில போன்களில் பேட்டரி சேமிப்பு அறிவிப்பை நிறுத்தி வைத்துவிடுகிறது. அதை வெட்ட முடியாது. ஒன்றரை வாரம். மேலே இருக்கும் எண்களை மாற்றாமல் போட்டால் 182.

பங்சார் அக்கா:
174ம் 182ம் ஒன்றுதான். உங்கள் எஃபர்ட் கணிப்பு அவ்வளவு நுட்பமானதில்லை. ஒன்றரை வாரம் இரண்டு வாரமானால் 182 திரும்ப 137 ஆகிவிடும். இதற்குமேல் தாளில் தோண்டிப் பயனில்லை. இங்கேதான் "செயலி எதுக்கு" என்று கேட்ட அந்த மூன்று ஓட்டுநர்களைக் கணக்கில் எடுக்கலாம். அவர்களோடு சுமார் 50 குடும்பம். மாதக் கடைசி வசூலும் வருகிறது, தேதி என்று ஒன்று இருப்பதே ரைஸுக்குத் தெரியாது. டிக்கை முதலில் செய்யுங்கள். ஆனால் தாளில் "சமம், ஓட்டுநர் போகும் அபாயத்துக்காக இதை எடுத்தோம்" என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த காலாண்டில் அதே காரணத்தை இம்பாக்ட்டில் நுழைத்துவிடுவீர்கள்.

செந்தூல் கடைக்காரர்:
படித்துவிட்டு எங்கள் செயலியையும் பார்த்தேன். சேலை வீடியோவை ஓட்டுப் போட்ட 60 பேரில் போன மாதம் பார்த்தது 9 பேர். என்னத்தைச் சொல்ல.

பிறைக்காரன்:
நன்றி அக்கா, அண்ணே. டிக் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறோம். ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. ஓட்டுநரையும் பெற்றோரையும் கூட்டுவதே சரியா? பெற்றோர் 2000 ஆனால், அவர்களுக்கான 0.25 எல்லாம் சேர்ந்து ஓட்டுநரை முழுங்கிவிடுமே.

பங்சார் அக்கா:
முழுங்கும். அதனால் சிலர் இரண்டு தனித்தாள் வைத்து, காலாண்டு நேரத்தில் இத்தனை வாரம் ஓட்டுநருக்கு, இத்தனை பெற்றோருக்கு என்று முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

தீவுக்காரர்:
பாதிப் பாதி வையுங்கள் தம்பி. டிக் வந்ததும் சொல்லுங்கள், என் அண்ணி பாயான் லெப்பாஸில் வேன் ஓட்டுகிறார். இன்னும் 555தான்.