ரெஃபரல் கேட்டு வரும் மெசேஜ்: மொத்தமாக அனுப்பியதா, நமக்கென்றே எழுதியதா?

வணக்கம் நண்பர்களே, லிங்க்ட்இன்னில் ரெஃபரல் கேட்டு வரும் மெசேஜ்களைப் பிரிப்பதில் ஒரு யோசனை வேண்டும்.

பேரையும் கம்பெனியையும் எடுத்துவிட்டுப் படித்தால் வேறு யாருக்கும் பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். "உங்கள் நிறுவனத்தில் ஏதாவது ஓப்பனிங் இருந்தால்" என்பது அங்கேயே விழுந்துவிடும். ப்ரொஃபைலில் இருக்கிறபடியே இனிஷியலோடு, முழுக்கப் பெரிய எழுத்தில் பேர் வந்தால், அதுவும் டெம்ப்ளேட் நிரப்பிய அடையாளம்.

சிக்கல் நடுவில் இருப்பவைதான். ஜாப் ஐடி சரியாக இருக்கிறது, "உங்கள் பயணம் ஊக்கமளிக்கிறது" என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த ஜாப் ஐடி அந்த வேலைக்கு உரியது, எனக்கு உரியதல்ல. அதே மெசேஜ் பக்கத்து டீமுக்கும் போயிருக்கலாம். ஆனால் "அந்த ரோலில் காஃப்கா கேட்கிறார்கள், பேமென்ட் ரீட்ரையில் பயன்படுத்தியிருக்கிறேன், உங்கள் டீமும் பேமென்ட்ஸ்தானே?" என்றால் இரண்டு பக்கமும் படித்திருக்கிறார். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை.

சந்தேகமானால், "ஜேடியில் எந்தப் பகுதி நீங்கள் ஏற்கெனவே செய்தது?" என்று திருப்பிக் கேட்கிறேன். மொத்தமாக அனுப்பியவர் பெரும்பாலும் ரெஸ்யூமை மட்டும் மறுபடி ஒட்டுவார். ஆனால் கூச்ச சுபாவமுள்ள ஃப்ரெஷரும் அதையே செய்கிறார். இவர்களைப் பிரித்தறிய நீங்கள் என்ன கேட்பீர்கள்?