கம்பெனி 18 மாதம் பென்ஷன் ஃபண்டில் பணம் போடாதாம்: என் கடைசித் தொகையில் எவ்வளவு குறையும்?

புதுவரவு
வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. என் சம்பளத்தில் 5% பிடிக்கிறார்கள், கம்பெனி 6% போடும். இதுதான் ஒப்பந்தத்தில் இருப்பது. இந்த நாட்டில் முதலாளி போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. போன வாரம் ஒரு கடிதம் வந்தது. "அதிகபட்சம் 18 மாதங்களுக்கு நிறுவனப் பங்களிப்பு விடுமுறை. நிதியில் உபரி உள்ளதால் உறுப்பினர் பலன்கள் பாதிக்கப்படாது" என்று எழுதியிருக்கிறார்கள். பணம் போடாமல் எப்படிப் பாதிக்கப்படாமல் இருக்கும்? ஓய்வு பெற இன்னும் 26 வருடம் இருக்கிறது. யாராவது விளக்குங்கள்.

ராத்திரிஷிஃப்ட்
எனக்கும் இதே நடந்தது ப்ரோ. ஆறு வாரம் சம்பளமில்லா விடுப்பில் போனேன், அந்த மாதங்களில் பிடித்தமே இல்லை. திரும்பி வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. பயப்படாதீர்கள்.

புதுவரவு
அது நீங்கள் எடுத்த விடுமுறை அண்ணா. இங்கே விடுமுறை எடுப்பது கம்பெனி 🙂 நான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பழையபெட்டி
தம்பி, கவலையே வேண்டாம். 80களின் கடைசியில் பிரிட்டனில் இது சர்வ சாதாரணம். 1986ல் வந்த நிதிச் சட்டத்தில் பென்ஷன் நிதியின் சொத்து, அது கொடுக்க வேண்டிய பென்ஷன்களின் மதிப்பில் 105 சதவீதத்தைத் தாண்டினால் உபரியைக் குறைத்தாக வேண்டும் என்றார்கள். அதற்கு இருந்த வழிகளில் ஒன்று, முதலாளி சில வருடம் பணம் கட்டாமல் இருப்பது. என் பழைய கம்பெனியும் அப்படித்தான் இருந்தது. கடைசிச் சம்பளத்தையும் வேலை பார்த்த வருடங்களையும் வைத்துத்தான் எனக்குப் பென்ஷன், அதில் ஒரு காசு குறையவில்லை. அதனால் உனக்கும் குறையாது.

எண்ணும்எழுத்தும்
பழையபெட்டி சார் சொல்வது அவருடைய நிதிக்குச் சரி, எல்லா நிதிக்கும் பொருந்தாது. நான் பல வருடம் பென்ஷன் நிர்வாகத்தில் இருந்தவள், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அவருடையது வாக்குறுதி நிதி. பலன் எவ்வளவு என்பதைச் சூத்திரம் தீர்மானிக்கும், அதைக் கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பானையில் தேவைக்கு மேல் பணம் இருந்தால் அவர் சில காலம் ஊற்றாமல் இருக்கலாம், உறுப்பினரின் பென்ஷன் மாறாது. ஆனால் பானையில் இருந்த கூடுதல் குறைகிறது. பிற்பாடு சந்தை விழுந்து, மக்கள் கணித்ததைவிட அதிக நாள் வாழ்ந்து, பற்றாக்குறை வந்தால் கம்பெனி மறுபடி கட்ட வேண்டும். அந்த நேரத்தில் கம்பெனியே திவாலாகிவிட்டால்தான் உறுப்பினருக்குச் சிக்கல். விடுமுறை விட்ட நாளில் இது யார் கண்ணிலும் படாது.

புதுவரவு, உங்கள் பெயரில் தனிக் கணக்கு இருந்து, மாதாமாதம் அதில் தொகை ஏறி, கடைசியில் இருப்பதுதான் உங்களுக்கு என்றால் கதை வேறு. அங்கே வாக்குறுதி எதுவும் இல்லை. வராத பணம் வராததுதான், அது பெற்றிருக்கும் வட்டியும் வராது.

ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு, உங்கள் கடிதம் அதைப் போலத் தோன்றுகிறது. பழைய வாக்குறுதிப் பிரிவும் புதிய தனிக்கணக்குப் பிரிவும் ஒரே நிதிக்குள் இருக்கும் நிறுவனங்களில், பழைய பிரிவின் உபரியை எடுத்துப் புதிய பிரிவினரின் கணக்குகளில் கம்பெனிப் பங்காக வரவு வைப்பார்கள். கம்பெனி ரொக்கம் கட்டுவதில்லை, ஆனால் உங்கள் கணக்கில் 6% ஏறிக்கொண்டிருக்கும். அப்படியானால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. விதிப்புத்தகமும் நாட்டுச் சட்டமும் அனுமதித்தால்தான் இப்படிச் செய்ய முடியும்.

எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. நிதியின் இணையதளத்தில் உங்கள் கணக்கின் மாதவாரி வரவைப் பாருங்கள். வருடாந்திர அறிக்கை வேண்டாம், அதில் எல்லாவற்றையும் ஒரே கூட்டுத்தொகையாக்கிவிடுவார்கள்.

நிழல்குடை
கேஸ் போடுங்கள் ப்ரோ. கம்பெனி போட்டே ஆக வேண்டும், எல்லா நாட்டிலும் சட்டம் அதுதான்.

எண்ணும்எழுத்தும்
எல்லா நாட்டிலும் இல்லை. பிரிட்டனில் ஊழியர்களைத் தானாகவே பென்ஷனில் சேர்க்கும் திட்டத்தில், சம்பளத்தில் கணக்கில் எடுக்கும் பகுதிக்குக் குறைந்தது 3% முதலாளி போட வேண்டும், அதற்குக் கீழே இறங்க முடியாது. அதற்கு மேல் தருவதை, ஒப்பந்தம் இடம் கொடுத்து உரிய கலந்தாலோசனையும் நடந்தால் குறைக்கலாம். அமெரிக்காவில் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில், ஊழியர் போடுவதற்கு ஈடாக முதலாளி போடும் மேட்சிங்கைத் தர வேண்டும் என்று சட்டக் கட்டாயமே இல்லை. 2009லும் 2020லும் பல நிறுவனங்கள் அதை நிறுத்திவைத்தன. புதுவரவு தன் நாட்டில் கட்டாயம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் "தரும்" என்று இருக்கிறதா, "தன் விருப்பப்படி தரலாம்" என்று இருக்கிறதா என்பதை.

புதுவரவு
அக்கா, சைட்டில் பார்த்தேன். என் சம்பளம் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எளிதாக இருக்கும். விடுமுறை தொடங்கி எட்டு மாதம் ஆகிவிட்டதாம், கடிதம்தான் இப்போது வந்திருக்கிறது! முதல் ஆறு மாதம் "உறுப்பினர் 250", அதற்குக் கீழே "நிறுவனம் – ஒதுக்கீட்டிலிருந்து 300" என்று இரண்டு வரி. கடைசி இரண்டு மாதத்தில் 250 மட்டும்தான். இரண்டாவது வரியே இல்லை.

எண்ணும்எழுத்தும்
நல்ல வேளை, மாதவாரியாகப் பார்த்தீர்கள். உங்கள் பிரிவுக்கென்று உபரியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள், அது ஆறு மாதத்தில் தீர்ந்திருக்கலாம். இது என் ஊகம்தான். டிரஸ்டிகளுக்கு எழுத்தில் கேளுங்கள்: ஒதுக்கீடு எவ்வளவு, தீர்ந்துவிட்டதா, தீர்ந்த பிறகும் கம்பெனி கட்டாமல் இருக்க எந்த விதி அனுமதிக்கிறது, விட்டதைப் பிறகு சேர்த்துக் கட்டுவார்களா. ஹெச்ஆரிடம் மட்டும் கேட்டால் அந்தக் கடிதத்தையே மறுபடி அனுப்புவார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 18 மாதத்தில் 6 மாதம் ஏறிவிட்டது. மீதி 12 மாதமும் ஏறாமலே போனால் விடுபடுவது 3,600. விலைவாசி போக வருடத்துக்கு 4% வளரும் என்று வைத்தால், அதற்குப் பிறகு வரும் 25 வருடத்தில் அந்த 3,600 இன்றைய மதிப்பில் சுமார் 9,800 ஆகியிருக்கும். 18 மாதமும் ஏறாமல் இருந்திருந்தால் குறைவு ஏறக்குறைய 14,800. எந்த விடுமுறையும் இல்லாமல், இதே 550 இந்த 26½ வருடமும் போயிருந்தால் கடைசித் தொகை 3,07,000 சொச்சம் வரும். அதாவது இரண்டாவது நிலையில் கிட்டத்தட்ட 5% போகிறது, உங்கள் நிலையில் 3% போல. 4 என்பது என் அனுமானம். வளர்ச்சி கூடினால் இழப்பும் கூடும்.

இதே 18 மாத விடுமுறை ஓய்வுக்கு ஐந்து வருடம் முன்பு முடிந்திருந்தால் இழப்பு 6,800 போலத்தான் இருந்திருக்கும். ஆரம்பத்தில் விட்ட பணம்தான் அதிகம் வளர்ந்திருக்க வேண்டிய பணம். புதிதாக வந்தவர்களுக்கு இது ஏன் அதிகம் வலிக்கும் என்றால் இதனால்தான்.

நிழல்குடை
அப்போ நானாக இருந்தால் என் 5%ஐயும் நிறுத்திவிடுவேன். அவன் போடாதபோது நான் மட்டும் ஏன் போட வேண்டும்?

எண்ணும்எழுத்தும்
கோபம் புரிகிறது. நிறுத்தினால் வரிச்சலுகையும் சேர்ந்து போகும், பல நாடுகளில். இன்னொன்று, உங்கள் பங்குக்கு ஈடாகத்தான் கம்பெனி போடும் என்ற திட்டமாக இருந்தால், விடுமுறை முடிந்து கம்பெனி தொடங்கும் நாளில் உங்கள் பிடித்தம் ஓடாமல் இருக்கக் கூடாது. பூஜ்யத்துக்கு ஈடு பூஜ்யம்தான். மறுபடி சேர விண்ணப்பம் கொடுத்து அடுத்த சம்பள மாதம்வரை காத்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாறாக, கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா என்று பாருங்கள். விடுபட்ட 9,800ஐ 25 வருடத்தில் ஈடுகட்ட மாதம் 19 போதும். பத்து வருடம் தள்ளிப்போட்டு ஆரம்பித்தால் மாதம் 40 ஆகிவிடும்.

ஏழாம்மாடி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கதை வேறு, ஆனால் இதோடு தொடர்புடையதுதான். மூன்று வருடம் இருந்தால்தான் கம்பெனிப் பங்கு முழுதும் நமக்கு என்று என் திட்டத்தில் வெஸ்டிங் இருந்தது. இரண்டரை வருடத்தில் வேறு வேலைக்கு மாறினேன், கம்பெனிப் பங்கு மொத்தமும் போய்விட்டது. அந்தப் பணம் எங்கே போகும் என்று கேட்டேன். "மற்றவர்களுக்கு நிறுவனம் கட்ட வேண்டியதற்கு ஈடாகப் பயன்படுத்துவோம்" என்றார்கள். ஆக நான் விட்டுவிட்டு வந்த பணத்தில் அவர்கள் சில மாதம் கட்டாமல் ஓட்டியிருக்கிறார்கள். இது நியாயமா?

எண்ணும்எழுத்தும்
பல திட்ட விதிகள் அதை அனுமதிக்கின்றன, அமெரிக்காவிலும். உங்களுக்குப் பதிலாக அங்கே இருப்பவர்களின் கணக்கில் வரவு சரியாக ஏறியிருந்தால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. உங்களுக்கு நியாயமா என்றால், எனக்கும் அது பிடிக்காதுதான். புதுவரவு, உங்களுக்கும் வெஸ்டிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் கிளம்பப் போகிறீர்கள் என்றால் இந்த 300 வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

அப்புறம் ஒன்று மறந்துவிட்டேன். சில நிதிகளில் இறப்பு, ஊனக் காப்பீட்டின் பிரீமியம் கம்பெனிப் பங்கிலிருந்து போகும். பங்கு நின்றால் பிரீமியம் உங்கள் இருப்பிலிருந்தே கழியலாம், இல்லை காப்பீடே நின்றுவிடலாம். அந்த இரண்டு மாதத்தில் சிறு கழிவு ஏதாவது தெரிகிறதா?

புதுவரவு
ஆமாம் அக்கா! இரண்டு மாதமும் "குழுக் காப்பீடு – 14" என்று ஒரு வரி. இதற்கு முன் அப்படி ஒரு வரியே கிடையாது.

பழையபெட்டி
சரி, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். உன் நிதியும் என்னுடையது மாதிரிதான் என்று நினைத்தேன். ஒன்று மட்டும் பார், பே ஸ்லிப்பில் உன் 250 கழிகிறதா, அது அப்படியே ஃபண்டில் ஏறுகிறதா? கழிந்தும் ஏறவில்லை என்றால் அது விடுமுறையே இல்லை. உன் பணத்தையே பிடித்து வைத்திருக்கிறார்கள். அப்போது நிழல்குடை சொன்ன மாதிரி புகார்தான் கொடுக்க வேண்டும்.

புதுவரவு
அது ஏறியிருக்கிறது ஐயா, எட்டு மாதமும் சரியாக. டிரஸ்டிகளுக்கு இன்றைக்கு மெயில் அனுப்பிவிட்டேன். ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்த்தேன். "நிறுவனம் 6% வழங்கும்" என்று ஒரு இடத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் "திட்ட விதிகளுக்கு உட்பட்டு" என்றும் இருக்கிறது. திட்ட விதிகளை இன்னும் யாரும் தரவில்லை.