வாஷிங்டன் மாநிலம்: தமிழ்த் தேர்வில் எழுத்து மட்டும் பின்தங்கினால் கிரெடிட் எப்படி?

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவருக்காகக் கேட்கிறோம். அவர் அவான்ட் ஸ்டாம்ப் தமிழ்த் தேர்வு எழுதியிருக்கிறார். பேச்சில் நிலை 5, எழுத்தில் நிலை 3.

இங்கே நிலை 2-க்கு 1 கிரெடிட், 3-க்கு 2, 4-க்கு 3, 5-க்கு 4. ஆனால் சராசரி எடுப்பதில்லை, குறைந்த மதிப்பெண்தான் கணக்கு. அதனால் பேச்சு நாலு கிரெடிட்டுக்குத் தகுதியாக இருந்தும் கிடைப்பது இரண்டே. பட்டப்படிப்புத் தகுதிக்கு வேற்றுமொழியில் கேட்கும் இரண்டு கிரெடிட்டுக்கு அது போதும். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் தெரிந்த மாணவர்களுக்குத் தரும் இருமொழி முத்திரைக்குப் போதாது, அதற்கு இரண்டிலும் 5 வேண்டும்.

அவர் எழுதிய விடைகளை நாங்கள் பார்க்கவில்லை. வீட்டுப் பயிற்சியில் தெரிவது இதுதான்: கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்திவிடுகிறார். "நான் பள்ளிக்குப் போவேன்" என்பதோடு முடிகிறது. ஏன், எப்போது, யாருடன் என்று தொடர்ந்து தனித்தனி வாக்கியங்களாக எழுதினால்தான் 5. தட்டச்சு இன்னொரு தடை. ழ, ள, ண தேடுவதிலேயே நேரம் போகிறது. (தமிழ்ப் பள்ளியில் எல்லாம் கையெழுத்துதான்!)

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் பள்ளி மாவட்டத்தில் எழுத்துப் பகுதியை மட்டும் மறுபடி எழுத விட்டார்களா? எத்தனை மாத இடைவெளி? ஏற்கெனவே டிரான்ஸ்கிரிப்டில் ஏறிய 2 கிரெடிட்டைப் பின்னால் 4 ஆக மாற்றித் தந்தார்களா, கவுன்சிலரிடம் எந்தப் படிவம் கொடுத்தீர்கள்?