புதுப்பிப்பு: அம்மாவின் நகை லொக்கருக்குப் போனது

என் பழைய கேள்வி: “அம்மாவின் 14 பவுண் நகையை வங்கி லொக்கரில் வைப்பதா, வீட்டில் பெட்டகம் வாங்கி வைப்பதா?”

கிளிநொச்சியில் ஒரு வங்கியில் லொக்கர் எடுத்துவிட்டோம். “இனி நகைக்கு வங்கிதான் பொறுப்பு” என்றார் மாமா. அது பாதிதான் சரி. பூட்டைத் திறக்க வங்கியின் சாவியும் நம் சாவியும் சேர வேண்டும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. காணாமல் போனால் நிரூபிக்க வேண்டியது நாங்கள். அதனால் ஒவ்வொரு நகையையும் நிறுத்து, படமெடுத்து, அந்தப் படங்களையும் எடைக் குறிப்பையும் கடைப் பற்றுச்சீட்டோடு வீட்டில் வைத்திருக்கிறோம். அட்டியலுக்குப் பற்றுச்சீட்டே இல்லை. 2009 இடப்பெயர்வில் போனது.

படிவத்தை நிரப்பும்போது, வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற பக்கத்துவீட்டு அண்ணை தடுத்தார்: “அம்மாவின் பெயரில் மட்டும் எடுக்காதை தம்பி. அவவுக்கு ஒன்று நடந்தால் சாவி உன் கையில் இருந்தும் திறக்க விடமாட்டாங்கள். மரணச் சான்றிதழோடு நீதிமன்றக் கடிதமும் கேட்பாங்கள்.” கூட்டுப் பெயரில் எடுத்து, ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் திறக்கலாம் என்றும் எழுதினோம்.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் புதைத்த தாலிக்கொடியைப் பற்றித்தான் பேசினா. தங்கைக்குப் பங்கு எப்படி என்பது இன்னும் பேச்சில்தான்.